என்னைக் குறித்து எழுதும்போது

அந்த மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் மூத்த சரிபார்ப்பாளருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘கள்’. மனுஷன் வெந்நீரைத் தவிர வேறு எதையும் குடித்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் அவரைப் பற்றி எழுதும் எந்த வினைச்சொல்லும் ‘கள்’ இல்லாமல் முடிந்தால் அவருக்குக் கை நடுங்கும். “இன்னைக்குக் கள் எப்படி?” என்று பக்க வடிவமைப்பாளர் கேட்பார். “ரொம்பப் புளிச்சிருக்கு” என்று யாராவது பதில் சொல்வார்கள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால், முதுகு வளையாமல் உட்கார்ந்து அவர் சிவப்பு எழுத்துகளால் யாரையாவது திருத்திக்கொண்டிருப்பார்.

அங்கே வேலை என்பது மருத்துவமனைகளுக்கான தாள்கள். மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும், காயத்துக் கட்டை எப்போது பிரிக்க வேண்டும், எந்த வலி வந்தால் உடனே ஓடிவர வேண்டும் என்பதையெல்லாம் தமிழில் எழுதித் தருவது. அவள் அங்கே மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியும் எல்லாருக்கும் ‘புதுசு’தான். அவளுக்குப் பிறகு யாரும் சேராததால் அந்தப் பட்டத்தை இறக்கிவைக்க ஆள் கிடைக்கவில்லை.

சேர்ந்த முதல் வாரத்திலேயே கள்ளின் ருசி அவளுக்குத் தெரிந்துவிட்டது. ‘நீங்கள் கேட்ட மூன்று தாள்களையும் இணைத்துள்ளேன். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்’ என்று அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். நீங்கள் என்றிருக்கிறது, சொல்லுங்கள் என்றிருக்கிறது. இதற்குமேல் ஒரு மனிதருக்கு என்ன மரியாதை வேண்டும் என்று நினைத்தாள். பத்தே நிமிடத்தில் அவளுடைய கடிதமே திரும்பி வந்தது, சிவப்பில் குளித்து. ‘சொல்லுங்கள் என்பது சமமானவரிடம் சொல்வது. தெரிவிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன் என்க. திருத்தி மீண்டும் அனுப்பவும்.’

தாள்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த மாதம் இயக்குநருக்கு அவள் எழுதிய கடிதமொன்றின் நகல் அவருக்கும் போனது. அதில் ‘மூத்த சரிபார்ப்பாளர் நேற்றுச் சொன்னார்’ என்று இருந்தது. அதுவும் திரும்பி வந்தது. ‘மூத்த சரிபார்ப்பாளர் அவர்கள் நேற்றுச் சொன்னார்கள்’ என்று இருக்க வேண்டுமாம். ‘சொன்னார்’ என்பதில் உள்ள ‘ஆர்’ ஒரு காலத்தில் பலரைக் குறித்த விகுதி, அதையே ஒருவருக்குக் கொடுத்திருப்பதே மரியாதைதான் என்று அவள் கல்லூரியில் படித்திருந்தாள். மரியாதையின் மேல் இன்னொரு மரியாதையை ஏற்றி உட்காரவைக்கச் சொல்கிறார் இந்த ஆள். ஒரு நாற்காலி போதாமல் இரண்டு நாற்காலியை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு ஏறி உட்காருகிறவனைப் பார்ப்பதுபோல அவளுக்கு இருந்தது.

வாதாடவில்லை. ‘சொன்னார்கள்’ என்று மாற்றி அனுப்பினாள். எழுத்தில் எவ்வளவு கேட்டாரோ அவ்வளவும் கொடுத்தாள். மனசுக்குள் அவன் இவன் என்பதோடு நிறுத்திக்கொண்டாள். சில நாள் அதுவும் இல்லாமல் ‘அது வந்துருச்சா?’ என்றாகிவிடும்.

திரும்பி வந்த கடிதங்களை அவள் அழிக்கவில்லை. மின்னஞ்சல் பெட்டியில் அதற்கென்றே ஓர் அறை ஒதுக்கிச் சேர்த்துவைத்தாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் சமையலறைத் திண்டில் ஏறி உட்கார்ந்து, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும் அக்காவுக்கு அன்றைய சரக்கை வாசித்துக் காட்டுவாள். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். வெங்காயமா, கள்ளா என்று தெரியாது.

“இந்த ஆளு பொண்டாட்டிகிட்டயும் இப்படித்தானா?” என்றாள் ஒருநாள்.

“‘தோசை சாப்பிடுமாறு பணிவன்புடன்’னு அவங்க கேக்கணும்போல. வார்க்கறதும் அவங்கதான்.”

மூட்டுவலிக்கான ஒரு மாத்திரையின் தாள் அலுவலகத்துக்கு வந்ததும் அந்தச் சிரிப்பெல்லாம் நின்றுபோயிற்று.

அது சாதாரண மாத்திரை அல்ல. வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் விஷம். அவள் மூலத்தை மூன்று தடவை படித்துவிட்டு ‘வாரத்துக்கு ஒரு முறை, ஒரே கிழமையில் உட்கொள்ளவும்’ என்று எழுதிச் சரிபார்ப்புக்கு அனுப்பினாள். ‘உட்கொள்ளவும்’ என்பது அவருக்குப் பிடிக்கவில்லை. நோயாளி நம்மைவிட மூத்தவராக இருக்கலாம், அவரிடம் இப்படி மொட்டையாக ஆணையிடலாமா என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியில் அவளுக்குக்கூட மறுப்பில்லை. ஆனால் அவர் செய்த வேலை இது: பழைய தாள் ஒன்றில் தாம் மெருகேற்றி வைத்திருந்த வாக்கியங்களை அப்படியே எடுத்து இதில் ஒட்டினார். ‘நாள்தோறும் ஒரு மாத்திரை உட்கொள்ளுங்கள்.’ வினைமுற்று குனிந்து கும்பிட்டது. வாரம் காணாமல் போனது.

அச்சுக்குப் போக வேண்டிய நாள், பிற்பகல் மூன்று மணிக்கு, வடிவமைத்த பக்கத்தைத் தற்செயலாகப் பார்த்தாள்.  நான்கு மணிக்குக் கோப்பு அச்சகத்துக்குப் போகும். சரிபார்த்த பக்கத்தில் அவர் அனுமதியில்லாமல் யாரும் கைவைக்கக் கூடாது. அறைக் கதவைத் தட்டியும் பேசக் கூடாது, எதுவானாலும் எழுத்தில், பிரிவின் பொது முகவரிக்கு. இரண்டும் அவர் போட்ட சட்டம். அவசரத்தில் விரல்கள் ஒன்றையொன்று மிதித்துக்கொள்ள, எழுதினாள்:

‘ஐயா, மூட்டுவலி மாத்திரைத் தாளின் இரண்டாம் பக்கத்தில் வாரத்துக்கு ஒரு முறை என்று இருந்ததை நாள்தோறும் என்று மாற்றினீர். மூலத்தில் வாரம் என்றே உள்ளது. அச்சுக்குப் போகும் முன் திருத்திவிடுங்கள்.’

அனுப்பிய பிறகுதான் ‘மாற்றினீர்’ கண்ணில் பட்டது. ‘கள்’ விழவில்லை. போச்சுடா என்று நினைத்தாள்.

மூன்றே கால் மணிக்குப் பதில் வந்தது. மேலே அவளுடைய கடிதம் முழுதாக. ‘மாற்றினீர்’ என்ற சொல்லின் அடியில் சிவப்புக் கோடு. ‘திருத்திவிடுங்கள்’ என்பதன் அடியில் இரண்டு கோடு. கீழே அவர் வாசகம்:

‘மாற்றினீர் என்பது நான் உமக்கு எழுதும் வடிவம். நீர் என்னைக் குறித்து எழுதும்போது மாற்றினீர்கள் என்றே வர வேண்டும். திருத்திவிடுங்கள் என்பது ஏவல். திருத்தித் தருமாறு வேண்டுகிறேன் என்க. திருத்தி மீண்டும் அனுப்பவும்.’

அவளுக்கு உச்சந்தலை சூடேறியது. ஆனாலும், மூன்று இருபதுக்கு, இரண்டு இடத்தையும் மாற்றி அனுப்பினாள். மூன்றரைக்குப் பதில் வந்தது: ‘இப்போது சரியாக உள்ளது.’

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். தாளைச் சரிசெய்துவிட்டார் என்று நினைத்தாள். அவர் சரியாக உள்ளது என்றது அவளுடைய வினைமுற்றை.

நான்கு மணிக்குத் தாள் அச்சகம் போயிற்று.

மூன்று வாரம் கழித்து மருத்துவமனையின் மருந்தாளர் அலுவலகத்துக்குத் தொலைபேசினார். தமிழ் படிக்கத் தெரிந்த பெண். எடுத்தது புதுசு.

“உங்க தாள்ல நாள்தோறும்னு போட்டிருக்கு. யாருங்க இதைப் பார்த்தது?”

அவள் அந்தக் கோப்பைத் திறந்தாள்.

“ஒரு தையக்காரம்மா. தனியா இருக்கறவங்க. டாக்டர் வாரம்னுதான் சொல்லியிருக்காரு, இவங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம். தாளைப் பார்த்து ஆறு நாள் விடாம சாப்பிட்டிருக்காங்க. வாயெல்லாம் புண்ணு, தண்ணி இறங்கல. ரத்த அணு குறைஞ்சு போய் இப்போ வார்டுல இருக்காங்க. மிச்சத் தாளை எல்லாம் நான் நிறுத்திட்டேன்.”

“பிழைச்சுருவாங்களா?”

“பார்க்கறோம்” என்று சொல்லி மருந்தாளர் வைத்துவிட்டார்.

அன்று வீட்டில் அவள் சமையலறைத் திண்டில் ஏறவில்லை. சுவரில் சாய்ந்து நின்றே எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

“ஏன்டி, அவர் ரூமு எவ்வளவு தூரம்?”

“பதினஞ்சு அடி இருக்கும்.”

“எந்திரிச்சுப் போய்ச் சொல்லியிருக்கலாம்ல?”

“நேர்ல பேசக் கூடாதுன்னு…”

“கூடாதுன்னா? தலையையா வாங்கிருவான்?” அக்காவின் குரல் உயரவில்லை, அதுதான் வலித்தது. “நீ அந்தாளைக் கேலி பண்ணிக்கிட்டே அந்தாளு சொன்னதை எல்லாம் செஞ்சிருக்க.”

 அதுவரை அவர்மேல் மட்டுமே இருந்த இளக்காரத்தில் ஒரு பங்கு அன்று தன்மேலும் விழுந்ததை உணர்ந்தாள்.

இரண்டு நாளில் இயக்குநர் எல்லாரையும் கூட்ட அறைக்கு அழைத்தார். அலுவலகத்தைத் தொடங்கிய அம்மா அவர். குரலை உயர்த்தாமல் பேசுகிறவர், எதிரே ஒரு குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொள்கிறவர். மேசையின் ஒரு பக்கம் புதுசும் பக்க வடிவமைப்பாளரும். மறுபக்கம் கள். சட்டைப் பொத்தான் கழுத்துவரை.

“கோப்புல யார் மாத்தினதுன்னு பதிவு இருக்கா?” என்றார் இயக்குநர்.

“சரிபார்ப்புல இருக்கற மூணு பேருக்கும் சேர்த்து ஒரே கடவுச்சொல்தாம்மா” என்றார் வடிவமைப்பாளர். “யாருன்னு காட்டாது.”

கள் தொண்டையைச் செருமினார். ஒரு தாளை மேசைமேல் வைத்து இரண்டு விரலால் முன்னே தள்ளினார். அவள் இரண்டாவதாக அனுப்பிய கடிதம், ‘கள்’ போட்டது.

“இவங்க முன்கூட்டியே தெரிவிச்சாங்கன்னு ஒரு பேச்சு அடிபடுது. இதுதான் அந்தக் கடிதம். பொது முகவரிக்கு வந்திருக்கு. என்ன எழுதியிருக்காங்க? மாற்றினீர்கள். பன்மை. பிரிவு மொத்தத்தையும் பார்த்து எழுதியிருக்காங்க. நான் மாத்தினேன்னு இதுல எங்க இருக்கு?”

“ஐயான்னு ஆரம்பிச்சிருக்காங்களே” என்றார் இயக்குநர்.

“ஐயாங்கறது பொது விளிம்மா. ஊர் பேர் தெரியாத ஆபீசுக்கு மனு எழுதினாக்கூட ஐயாதான். நீங்க மாற்றினீர்கள்னா ஒருத்தராவும் இருக்கலாம், ஒன்பது பேராவும் இருக்கலாம். தெளிவா எழுதத் தெரியாததுக்கு நான் பொறுப்பாக முடியுமா?”

அவளுக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. திகைப்புதான். இரண்டு வருஷமாக ஒவ்வொரு சொல்லின் வாலிலும் தொங்கவைத்த அந்த இரண்டெழுத்துச் சமாசாரத்தை, அடி விழும் நேரத்தில் தலைக்குமேல் குடையாகப் பிடிக்கிறார். மரியாதை என்று கேட்டு வாங்கிய பன்மைக்குள் புகுந்து, இப்போது ‘நாங்க ஒன்பது பேர்’ என்கிறார்.

பிறகு சிரிப்பு வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள்.

“அம்மா, இது நான் ரெண்டாவதா அனுப்பினது. முதல்ல அனுப்பினதும் அதுக்கு ஐயா போட்ட பதிலும் இருக்கு.”

“அது எதுக்கு?” என்றார் கள், கொஞ்சம் வேகமாக. “அது இலக்கணத் திருத்தம்.”

அவள் மடிக்கணினியை இயக்குநர் பக்கம் திருப்பினாள். இயக்குநர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார். அவர் எதையும் நிறுத்தி நிதானமாக வாசிக்கிறவர்.

“‘மாற்றினீர் என்பது நான் உமக்கு எழுதும் வடிவம். நீர் என்னைக் குறித்து எழுதும்போது…’” நிறுத்தினார். மீண்டும் வாசித்தார். “‘என்னைக் குறித்து எழுதும்போது மாற்றினீர்கள் என்றே வர வேண்டும்.’”

வடிவமைப்பாளர் மேசைக்கு அடியில் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது.

“உங்களைக் குறிச்சுத்தான்னு நீங்களே எழுதியிருக்கீங்களே” என்றார் இயக்குநர்.

“அது வந்து… விகுதியை மட்டும்தான் பார்த்தேன்மா. பொருளைக் கவனிக்கல.”

“பொருளைக் கவனிக்கல.”

“ஆமா. என் கண்ணு வினைமுற்றுலதான் இருந்துச்சு. அது என்னோட… பழக்கம்.”

“நாள்தோறும்கற சொல்லு வினைமுற்றுக்கு ஒரே ஒரு சொல்லு முன்னாடி இருக்கு. உங்க கோடு அதுக்குப் பக்கத்துல போகுது. சரி. இப்போ சொன்னீங்களே, பொருளைக் கவனிக்கலன்னு. அதை அப்படியே ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. மருத்துவமனைக்கு நான் பதில் சொல்லணும்.”

அவர் முகம் சுண்டிப்போயிற்று. பேனாவை எடுத்தார். முதல் சொல் ‘நான்’. அதற்குப் பிறகு வெகுநேரம் பேனா நகரவில்லை. தன்னைப் பற்றித் தன்மை ஒருமையில் ஒரு குற்றத்தை எழுதுவதற்கு அவரிடம் விகுதி இல்லைபோலும் என்று அவள் நினைத்தாள். பாவமாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள், இல்லை. அந்தக் கழுத்துப் பொத்தானைப் பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வந்தது.

இயக்குநர் அவள் பக்கம் திரும்பினார்.

“இப்போது சரியாக உள்ளதுன்னு வந்துச்சே. அப்புறம் கோப்பைத் திறந்து பார்த்தியாம்மா?”

“இல்லம்மா.”

“ஏன்?”

“சரின்னு சொன்னதும் தாளைத்தான் சொல்றாருன்னு நினைச்சுட்டேன்.”

“அந்த ஆளை ரெண்டு வருஷமாத் தெரியும் உனக்கு. தாளைச் சொல்வாருன்னு எப்படி நினைச்ச?”

அவள் மடிக்கணினியை மூடினாள். 

இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சரிபார்ப்பில் கடைசிக் கையெழுத்து இனி அவருடையது அல்ல. அவருக்குக் கலைச்சொல் பட்டியல் தொகுக்கும் வேலை தரப்பட்டது. மாத்திரைத் தாள்களை இனி இரண்டு பேர் நேரில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்று இயக்குநர் உத்தரவு போட்டார். அந்த இரண்டு பேரில் ஒருத்தி புதுசு. அவள் வடிவமைப்பாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து, மூட்டுவலித் தாளையே முதலில் எடுத்தாள். ‘வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் சாப்பிடுங்கள். தினமும் சாப்பிடாதீர்கள்.’ இரண்டாவது வாக்கியத்தைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னாள். ‘சாப்பிடுங்கள்’ இருக்கட்டும் என்றாள். அந்த ஆள் கேட்டார் என்பதற்காக நோயாளிக்கு உரியதைக் குறைக்கத் தேவையில்லை.

தையற்காரம்மாவைப் பற்றி அவள் இரண்டு நாளைக்கு ஒரு தரம் மருந்தாளரிடம் விசாரித்தாள். வார்டில் சேர்ந்த பதினேழாம் நாள் அந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டதாகத் தெரிந்தது. புண் ஆறிவிட்டது, முடி கொஞ்சம் கொட்டியிருக்கிறது, தையல் மிஷினில் உட்கார இன்னும் தெம்பு வரவில்லை.

“கோபமா இருக்காங்களா?” என்று கேட்டாள்.

“கோபமெல்லாம் இல்ல. நான்கூடக் கேட்டேன், தினமும்னா சந்தேகம் வரலையாம்மான்னு. ‘அவ்வளவு மரியாதையா எழுதியிருந்துச்சு, தப்பா இருக்கும்னு தோணவே இல்ல’ன்னாங்க.”

அவள் தொலைபேசியை வைத்துவிட்டு அடுத்த தாளை எடுத்தாள்.

புது ஏற்பாட்டில் கலைச்சொல் பிரிவின் விடுப்பு விண்ணப்பங்கள் அவளிடம் வந்தன. யாருக்கும் அந்த வேலை வேண்டாமென்றிருந்ததால் அவள் தலையில் கட்டினார்கள். இரண்டு மாதம் கழித்து அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்த மனிதர், புதுசுக்கு எழுதுகிறார். ‘நீர்’ என்றால் இப்போது எடுபடாது. ‘நீங்கள்’ என்றால் நாக்கு வெந்துவிடும். ஆகவே இப்படி எழுதியிருந்தார்:

‘பொருள்: விடுப்பு. வியாழன், வெள்ளி. காரணம்: பல் பிடுங்கல். தகவலுக்காக.’

முழுக் கடிதத்திலும் ஒரு வினைமுற்று இல்லை. யார் விடுப்பு கேட்கிறார், யாரைக் கேட்கிறார், யாருடைய பல் என்பது எதுவும் அதில் இல்லை. தந்தி கொடுக்கிறவன்கூட ஒரு ‘வருகிறேன்’ போடுவான். அவள் வடிவமைப்பாளரைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்று எழுந்தாள். பிறகு வேண்டாமென்று உட்கார்ந்தாள். அக்காவுக்கு வாசித்துக் காட்டுவதற்காக எடுத்து வைக்கவும் தோன்றவில்லை.

‘உங்கள் விடுப்பு ஏற்கப்பட்டது. நீங்கள் திங்கட்கிழமை வந்தால் போதும்’ என்று தட்டி அனுப்பினாள். அவரை மதித்து எழுதியது அல்ல அது. அந்த ஆளுக்காக ஒரு விகுதியைக் குறைப்பதா கூட்டுவதா என்று யோசிக்க அவளுக்கு அன்று நேரம் இல்லை. பக்கத்து நாற்காலியில் வடிவமைப்பாளர், கண் சொட்டு மருந்துத் தாளை விரித்து வைத்துக்கொண்டு, “ஆரம்பிக்கலாமா?” என்று கேட்டபடி இருந்தார். அவள் முதல் வரியை உரக்கப் படித்தாள்.